இரண்டு தேதிகள், இரண்டு கணக்குகள்

ஒவ்வோர் உள்நோயாளியின் பெயருக்கும் நேரே மருத்துவமனையின் பதிவேட்டில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று அவர் சேர்ந்த தேதி, மற்றது டிஸ்சார்ஜ் ஆன தேதி. மாத இறுதியில் பதிவேட்டுப் பிரிவு அனுப்பும் வார்டு அறிக்கையின் இரு முதன்மை எண்கள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. வார்டின் படுக்கைகளில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருந்தன என்பது முதல் எண். ஒருவர் சராசரியாக எத்தனை நாள் தங்கினார் என்பது இரண்டாவது. ஒரே மூலத்திலிருந்து பிறப்பதால் இவ்விரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணி, ஒன்றைக் கொண்டு மற்றதைக் கணக்கிடும்போதுதான் அறிக்கை பிழையாகிறது. நிரம்பல் விகிதம் மாதத்தின் கணக்கு. தங்கும் நாள் மனிதரின் கணக்கு. இந்த வேறுபாட்டைப் படிப்படியாக விரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ‘ஒரு நாள்’ என்பது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஜூன் 4ஆம் தேதி சேர்ந்து 9ஆம் தேதி வீடு திரும்பியவர் எத்தனை நாள் தங்கினார்? விரல் விட்டு எண்ணினால் ஆறு வரும்; தேதிகளைக் கழித்தால் ஐந்து வரும். மருத்துவமனைக் கணக்கில் ஐந்தே சரி. சேர்ந்த நாளை எண்ண வேண்டும், வெளியேறிய நாளை எண்ணக் கூடாது என்பது வழக்கமான விதி. இதற்கு அடிப்படை, நள்ளிரவுத் தலைக்கணக்கு. இரவுப் பணியிலிருக்கும் செவிலியர் பன்னிரண்டு மணிக்கு வார்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சென்சஸ் ஏட்டில் எழுதுகிறார். 4ஆம் தேதி சேர்ந்தவர் 4, 5, 6, 7, 8 ஆகிய ஐந்து இரவுகளின் தலைக்கணக்கில் இருப்பார். 9ஆம் தேதி இரவில் இருக்க மாட்டார். ஆகவே ‘படுக்கை-நாள்’ என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு படுக்கையில் ஒருவர் கழித்த ஓர் இரவு.

காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பியவர் எந்த இரவிலும் இல்லை. கழித்தால் சுழியம் வரும். அவரும் ஒரு படுக்கையைப் பயன்படுத்தியவர் என்பதால், அவருக்கு ஒரு நாள் என்று கொள்வது பரவலான மரபு. பகல்நேரச் சிகிச்சைக்கென்றே வருவோரை இந்தக் கணக்கிலிருந்து முற்றிலும் விலக்கிவிடும் மரபும் உண்டு. எதைக் கடைப்பிடித்தாலும் அதை அறிக்கையின் அடியில் எழுதி வைக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் மரபை மாற்றினால் எண்களை ஒப்பிடவே முடியாது.

இனி ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே அமைத்த சிறு வார்டு இது: எலும்பு முறிவு அறுவைக்குப் பிந்தைய பராமரிப்புக்கு நான்கு படுக்கைகள், மாதம் 2025 ஜூன். பதிவேட்டை மாதம் முடிந்து சில நாள்கள் கழித்து, ஜூலை நடுவில் திறக்கிறோம் என்று கொள்வோம். அதில் இருப்பவை இவை:

- முதல் படுக்கை: ஏப்ரல் 20 முதல் ஜூலை 9 வரை ஒரே நோயாளி.
- இரண்டாம் படுக்கை: மே 12 – ஜூன் 3, ஜூன் 4 – 9, ஜூன் 10 – 16, ஜூன் 17 – 24, ஜூன் 25 – ஜூலை 2.
- மூன்றாம் படுக்கை: மே 29 – ஜூன் 5; ஜூன் 6 – 14; ஜூன் 15 – 19; ஜூன் 19 – 27; ஜூன் 28 – ஜூலை 3.
- நான்காம் படுக்கை: ஜூன் 2 – 8, ஜூன் 9 (காலையில் வந்து மாலையில் சென்றவர்), ஜூன் 11 – 15, ஜூன் 18 – 23, ஜூன் 24 – 29.

மாதம் தொடங்கும்போது உள்ளே இருந்தவர்கள் 3 பேர். மாதத்தில் சேர்ந்தவர்கள் 13, வெளியேறியவர்கள் 13, ஜூன் 30 நள்ளிரவில் எஞ்சியவர்கள் 3. தொடக்கத்தோடு சேர்க்கையைக் கூட்டி, வெளியேற்றத்தைக் கழித்தால் எஞ்சியோர் வர வேண்டும். இச்சமன்பாடு ஒத்துவராத பதிவேட்டில் வேறு எதையும் கணக்கிட்டுப் பயனில்லை. இந்த எளிய சோதனைக்கு நீண்ட மரபு உண்டு. 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான பதிவுப் படிவத்தை முன்வைத்தார். ஆண்டின் முதல் நாளில் உள்ளே இருந்தோர், புதிதாகச் சேர்ந்தோர், குணமடைந்தோர், இறந்தோர், கடைசி நாளில் எஞ்சியோர் என்று அதில் தனித்தனிப் பத்திகள் இருந்தன. நோயாளிகள் சராசரியாகத் தங்கிய காலத்துக்கும் ஒரு பத்தி இருந்தது. இரு எல்லைகளிலும் ‘எஞ்சியோர்’ ஏன் தேவைப்பட்டனர் என்பது சற்றுப் பின்னர் தெளிவாகும்.

முதற்கணக்கு மாதத்தினுடையது. ஜூனில் 30 இரவுகள். நான்கு படுக்கைகளுக்கு 120 படுக்கை-நாள்கள். இவற்றில் எத்தனை நிரம்பின? இங்கே ஒவ்வொரு நோயாளியின் தங்கலையும் மாதத்தின் இரு எல்லைகளிலும் வெட்ட வேண்டும். மே 12இல் சேர்ந்து ஜூன் 3இல் வெளியேறியவர் மொத்தம் 22 நாள் தங்கினார்; ஆனால் ஜூன் கணக்கில் அவருக்கு 1, 2 ஆகிய இரண்டு இரவுகளே. முதல் படுக்கைக்காரர் ஏப்ரலில் வந்தார், ஜூலையில் போனார். ஜூன் அவரிடமிருந்து பெறுவது 30. இப்படி வெட்டிக் கூட்டினால் முதல் படுக்கைக்கு 30, இரண்டாவதற்கு 26, மூன்றாவதற்கு 27, நான்காவதற்கு 20 என்று 103 இரவுகள் வருகின்றன. ஒரே நாளில் வந்து போனவருக்கு ஒன்று சேர்த்தால் 104. அதை 120ஆல் வகுத்தால் நிரம்பல் விகிதம் 86.7 விழுக்காடு.

விரிதாளில் இந்த வெட்டு ஒரே வரியில் அடங்குகிறது. B பத்தியில் சேர்ந்த தேதியும் C பத்தியில் டிஸ்சார்ஜ் தேதியும் இருந்தால்:

```
=MAX(0, MIN(IF(C2="",DATE(2025,7,1),C2), DATE(2025,7,1))
      - MAX(B2, DATE(2025,6,1)))
```

சேர்ந்த தேதி, ஜூன் 1 ஆகிய இரண்டில் பிந்தியது தொடக்கம். டிஸ்சார்ஜ் தேதி, ஜூலை 1 ஆகிய இரண்டில் முந்தியது முடிவு. இன்னும் வெளியேறாதவரின் கட்டம் காலியாக இருக்கும்; அவருக்கும் ஜூலை 1 முடிவாகக் கொள்ளப்படுகிறது. மேல் எல்லையை ஜூன் 30 என்று எழுதிவிடுவது மிக இயல்பாக நேரும் பிழை. அப்படி எழுதினால் மாதக் கடைசி இரவு எல்லோருக்கும் விடுபட்டுப்போகும். மென்பொருள் தேதியோடு மணியையும் சேர்த்துச் சேமிக்குமானால், கழிக்கும் முன் மணியை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் பின்னங்கள் வந்து சேரும். ஒரே நாளில் வந்து போனவருக்கு இவ்வாய்பாடு சுழியத்தையே தரும் என்பதால், அவருக்குரிய ஒரு நாளைத் தனியே சேர்க்க வேண்டும்.

சேர்ந்த நாள், வெளியேறிய நாள் இரண்டையும் எண்ணினால் என்ன ஆகும் என்பதையும் இதே வார்டில் பார்த்துவிடலாம். வெளியேறிய 13 பேரில், ஒரே நாளில் வந்து போனவர் நீங்கலாக 12 பேருக்குத் தலா ஒரு நாள் கூடும். 104 என்பது 116 ஆகும், நிரம்பல் 96.7 விழுக்காடாக உயரும். மூன்றாம் படுக்கையில் ஜூன் 19ஆம் தேதி ஒருவர் போக, வேறொருவர் வந்தார். அந்த ஒரு நாளில் அந்த ஒரு படுக்கை இருவருக்குச் சொந்தமாகிறது. தரையில் பாய் விரித்து யாரும் படுத்திராத வார்டில் ஏதேனும் ஒரு நாளின் நிரம்பல் நூற்றைத் தாண்டினால், முதலில் ஐயுற வேண்டியது இந்த இரட்டை எண்ணலையே.

இரண்டாம் கணக்கு மனிதர்களுடையது. இங்கே மாதத்தின் எல்லையில் எதையும் வெட்டக் கூடாது. ஜூனில் வெளியேறிய 13 பேரையும் எடுத்து, ஒவ்வொருவரும் சேர்ந்த நாளிலிருந்து வெளியேறிய நாள் வரை முழுமையாகத் தங்கியதைக் கூட்ட வேண்டும். இறந்தவர்களும், மருத்துவர் அறிவுரையை மீறி எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றவர்களும் வெளியேறியவர்களே. நம் வார்டில் அந்தத் தங்கல்கள் 22, 5, 6, 7, 7, 8, 4, 8, 6, 1, 4, 5, 5, கூட்டுத்தொகை 88. பதின்மூன்றால் வகுத்தால் 6.8 நாள். வரிசைப்படுத்தி நடுவே நிற்பதைப் பார்த்தால் 6 நாள். மே 12இல் வந்தவர் ஒருவரை மட்டும் நீக்கினால் சராசரி 5.5 ஆகக் குறைகிறது. ஒருவரால் இவ்வளவு அசையக்கூடிய சராசரியை அதன் நடுமதிப்போடு சேர்த்துத் தருவதே நேர்மையான அறிக்கை என்பது என் கருத்து.

இப்போது இரு கணக்குகளையும் அருகருகே வைப்போம். 88 நாள் என்பது ஒன்று, 104 நாள் என்பது மற்றொன்று. ‘வெளியேறியோர் 13, சராசரி 6.8, பெருக்கினால் 88. 120ஆல் வகுத்தால் நிரம்பல் 73 விழுக்காடு’ என்று யாரேனும் எழுதினால் அது 13 புள்ளிகள் தவறு. இடையிலுள்ள 16 நாள்கள் எங்கே போயின என்று தேடினால் முழு விளக்கமும் கிடைத்துவிடும். 88இல் 23 நாள்கள் ஜூனுக்கு உரியவையே அல்ல. மே 12இல் வந்தவர் மே மாதத்தில் கழித்த 20 இரவுகளும், மே 29இல் வந்தவர் கழித்த 3 இரவுகளும் அதில் அடங்கியுள்ளன. அவற்றைக் கழித்தால் 65. மறுபுறம், ஜூனில் படுக்கையில் இருந்தும் அம்மாதத்தில் வெளியேறாதவர்களின் நாள்கள் 88இல் இடம்பெறவே இல்லை: முதல் படுக்கைக்காரரின் 30, ஜூன் 25இல் வந்தவரின் 6, ஜூன் 28இல் வந்தவரின் 3, ஆக 39. 65ஐயும் 39ஐயும் கூட்டினால் 104. மாதத்தின் இரு கதவுகளிலும் நிற்பவர்களே இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறார்கள். எஞ்சியோருக்கென்று படிவத்தின் இரு முனைகளிலும் இடம் வேண்டியிருப்பது இதனால்தான்.

சில மருத்துவமனைகள் மாதப் படுக்கை-நாள்களை வெளியேறியோர் எண்ணிக்கையால் வகுத்து, அதையே சராசரித் தங்கல் என்கின்றன. நம் வார்டில் அது 104 வகுத்தல் 13, அதாவது 8.0 நாள். தலைக்கணக்கு மட்டும் கையிலிருந்து தனித்தனித் தேதிகள் இல்லாதபோது இதுவே வழி. தவறென்று சொல்ல மாட்டேன். இந்த 8 நாளுக்குப் பின்னே ஓர் உறுதியான விதி நிற்கிறது. ஒரு நாளில் சராசரியாக எத்தனை பேர் சேர்கிறார்கள் என்பதை, ஒருவர் சராசரியாக எவ்வளவு தங்குகிறார் என்பதால் பெருக்கினால், எந்நேரமும் உள்ளே இருப்போரின் சராசரி எண்ணிக்கை வரும். இதை 1961இல் ஜான் லிட்டில் என்பவர் பொதுவாக நிறுவினார். வரிசைக் கோட்பாட்டில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் வார்டில் நாளொன்றுக்கு 0.433 பேர் சேர்கிறார்கள். அதை 8ஆல் பெருக்கினால் 3.47, நிரம்பிய படுக்கைகளின் சராசரியும் அதுவே. ஆனால் மனிதரின் கணக்கான 6.8ஆல் பெருக்கினால் 2.9தான் வரும். நீண்ட காலத்துக்குக் கணக்கிட்டால் 6.8, 8.0 இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஓராண்டில் எல்லைகளில் நிற்போர் மிகச் சிறு பங்கே. ஒரு மாதத்தில், அதுவும் சிறிய வார்டில், அவை நெருங்கா. ஆகவே மாத அறிக்கையில் எந்த வகுத்தலால் வந்த சராசரி என்று குறிப்பிடாமல் எண்ணை மட்டும் தருவது படிப்பவரைத் திசை திருப்பும்.

இன்னும் ஆழமான ஒன்று இதற்கு அடியில் இருக்கிறது. முதல் படுக்கைக்காரரைப் பாருங்கள். ஜூன் மாதத்தின் 104 படுக்கை-நாள்களில் 30 அவருடையவை. பத்தில் மூன்று பங்குக்குச் சற்றே குறைவு. எனினும் ஜூன் மாதச் சராசரித் தங்கலில் அவருடைய தடமே இல்லை, ஏனெனில் அவர் வெளியேறவில்லை. ஜூலை 9இல் அவர் வீடு திரும்பும்போது 80 நாள் ஒரே அடியாக வந்து விழுகிறது. ஜூலையில் வேறு 12 பேர் சராசரியாக 5.5 நாள் தங்கி வெளியேறியிருந்தால், அவரையும் சேர்த்த சராசரி 11.2 ஆகும். ஜூனில் 6.8ஆக இருந்தது ஜூலையில் 11.2 ஆயிற்று, வார்டில் என்ன கேடு நேர்ந்தது என்று கண்காணிப்பாளர் விளக்கம் கேட்பார். கேடு எதுவும் ஜூலையில் நேரவில்லை. மாறாக, இரண்டரை மாதமாகத் தேங்கியிருந்த ஒரு படுக்கை ஜூலையில்தான் விடுபட்டது. அது மே, ஜூன் மாதங்களிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. சராசரித் தங்கல் எப்போதும் பின்னோக்கியே பேசும்.

இதனால்தான் வார்டில் பணியாற்றும் செவிலியரின் அனுபவமும் அறிக்கையின் எண்ணும் ஒத்துப்போவதில்லை. ஜூன் 30 அன்று வார்டுக்குள் நுழைபவர் காண்பது மூவரை. அவர்களின் முழுத் தங்கல் 80, 7, 5 நாள்கள். சராசரி ஏறத்தாழ 31. நீண்ட நாள் தங்குபவர் பல நாள்களில் கண்ணில் படுவார். குறுகிய நாள் தங்குபவர் சில நாள்களில் மட்டுமே படுவார். அதனால் எந்த ஒரு நாளில் எண்ணினாலும் நீண்ட தங்கலே மிகுந்து தெரியும். ‘இங்கே எல்லோரும் மாதக்கணக்கில்தான் இருக்கிறார்கள்’ என்று செவிலியர் சொல்வதும் மெய், 6.8 என்பதும் மெய். ஒன்று படுக்கைகளிடம் கேட்ட கேள்விக்கு விடை. மற்றொன்று வெளியேறியவர்களிடம் கேட்ட கேள்விக்கு விடை.

நிரம்பல் விகிதத்துக்கும் இத்தகைய ஒரு வரம்பு உண்டு. 86.7 விழுக்காடு என்றால் நாள்தோறும் கொஞ்சம் இடம் இருந்தது என்று தோன்றலாம். நம் பதிவேட்டை இரவு இரவாகப் பார்த்தால், 30 இரவுகளில் 15 இரவுகள் நான்கு படுக்கையும் நிறைந்திருந்தன. அந்த இரவுகளில் விபத்தில் கால் முறிந்து வந்தவருக்கு இங்கே இடமில்லை. பாகஸ்ட் என்பவரும் வேறு இருவரும் 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, அவசரச் சேர்க்கை உள்ள மருத்துவமனையைக் கணினியில் போன்மை செய்து பார்த்தது. நிரம்பல் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது இடமின்மையின் இடர் தென்படத் தொடங்குகிறது, 90ஐ எட்டினால் படுக்கைத் தட்டுப்பாடு வாடிக்கையாகும், அவ்வப்போது நெருக்கடியும் வரும் என்பது அதன் முடிவு. அந்த 85ஐப் பலர் எல்லா வார்டுக்கும் பொருந்தும் கோடாகக் கொள்கிறார்கள். அந்த ஆய்வு பார்த்தது ஒரு முழு மருத்துவமனையின் படுக்கைத் தொகுதியை. படுக்கைகள் பலவாக இருந்தால் ஒரு பக்கத்தின் கூடுதலை மறுபக்கத்தின் குறைவு ஈடுசெய்யும். நான்கு படுக்கை வார்டில் அந்த நெகிழ்வு இல்லை. ஆகவே சிறிய வார்டின் அறிக்கையில் விழுக்காட்டோடு ‘முழுதும் நிரம்பிய இரவுகள்’ என்ற எண்ணையும் தருவது நலம். தேதிகள் கையில் இருக்கும்போது அதற்குக் கூடுதல் உழைப்பு மிகச் சிறிதே.

வகுக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு சொல். படுக்கை எண்ணிக்கை என்பது அரசாணையில் அனுமதிக்கப்பட்டதா, வார்டில் உண்மையில் போடப்பட்டிருப்பதா? பழுது பார்க்க ஒரு படுக்கை பத்து நாள் விலக்கப்பட்டிருந்தால் 120 அல்ல, 110ஆல்தான் வகுக்க வேண்டும். பேறுகால வார்டில் தாயின் அருகே தொட்டிலில் இருக்கும் நலமான குழந்தையை வழக்கமாக எண்ணுவதில்லை.

கடைசியாக, தேதிகள் எப்படிப் பிழைபடுகின்றன என்பது. மிகுதியாக நேர்வது, நோயாளி போய்விட்டார், ஆனால் டிஸ்சார்ஜ் தேதி பதிவாகவில்லை என்ற நிலை. சொல்லாமல் வெளியேறியவர், இறந்தவர், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர் ஆகியோரின் கட்டங்கள் இவ்வாறு காலியாக நிற்கும். ஜூலை 1 என்று கொள்ளும் நம் வாய்பாடு அவர்களுக்கு நாளுக்கு ஒன்று என்று படுக்கை-நாள்களைத் தந்துகொண்டே இருக்கும். நிரம்பல் உயரும், தங்கல் அசையாது. இவ்விரண்டும் சேர்ந்து தென்பட்டால், ஜூன் 30 வரை சேர்ந்தவர்களில் டிஸ்சார்ஜ் கட்டம் காலியாகவோ ஜூலைத் தேதியோடோ உள்ளவர்களை எண்ணி, ஜூன் 30 இரவுச் சென்சஸ் ஏட்டின் தலைக்கணக்கோடு ஒப்பிட வேண்டும். நம் வார்டில் இரண்டும் மூன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது, நாளும் மாதமும் இடம் மாறுதல். 12/05/2025 என்பதை நாம் மே 12 என்று எழுதுகிறோம். அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்ட கணினி அதை டிசம்பர் 5 என்று வாசிக்கும். 29/05/2025 என்பதற்கு அந்த முறையில் பொருளே இல்லாததால், அது தேதியாக மாறாமல் எழுத்தாகவே கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அதைக் கண்டதும் முழுப் பத்தியையும் ஐயுற வேண்டும். சேர்ந்தது டிசம்பர், போனது அதற்கு முந்திய மாதம் என்றானால் கழித்தல் எதிர்மறையாகும். நம் வாய்பாட்டிலுள்ள MAX(0, …) அதைச் சுழியமாக்கி மறைத்துவிடும். ஆகவே வெட்டுக் கணக்குக்கு முன் C2-B2 என்ற வெறும் கழித்தலை ஒரு தனிப் பத்தியில் வைத்து, எதிர்மறையாக வருவன எல்லாவற்றையும் கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

வார்டு மாற்றம் தனி வகை. தீவிரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஜூன் 6இல் இங்கே மாற்றப்பட்டவர் மருத்துவமனையில் சேர்ந்தது ஜூன் 2 ஆக இருக்கலாம். மருத்துவமனையின் கணக்குக்கு ஜூன் 2, வார்டின் கணக்குக்கு ஜூன் 6. இரண்டுக்கும் ஒரே பத்தியைப் பயன்படுத்தினால் நான்கு இரவுகள் இரு வார்டுகளில் எண்ணப்படும்.

இவை யாவும் சரியானபின், அறிக்கையின் கீழே ஒரு சிறு பட்டியலைச் சேர்க்கலாம்: ஜூன் 30 நள்ளிரவில் உள்ளே இருந்தவர்கள், ஒவ்வொருவரும் அதுவரை கழித்த இரவுகள், இன்னும் வெளியேறாததன் காரணம். நம் வார்டில் மூன்றே வரிகள். ஜூன் 28இல் வந்தவருக்கு 3, ஜூன் 25இல் வந்தவருக்கு 6, முதல் படுக்கைக்காரருக்கு 72. அந்த 72க்கு எதிரே எழுதப்படுவது புண்ணில் தொற்று என்பதா, காப்பீட்டு ஒப்புதலுக்குக் காத்திருப்பதா, அழைத்துச் செல்ல வீட்டில் ஆளில்லை என்பதா என்பதைப் பொறுத்து, அறுவை மருத்துவரிடமோ காப்பீட்டு அலுவலரிடமோ சமூகப் பணியாளரிடமோ அந்த வரி அன்றே போய்ச் சேர வேண்டும்.